டைரக்டர் ஆறு நிமிடம் ஒரு ஜாம்பியையும் அனுப்பவில்லை. ஸ்பான் பிரச்சினையா, வேறு ஏதாவதா?

பதினோராம்மாடி | சனி, இரவு 11:52

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, வேலை முடிந்த நேரத்தில் ஒரு கோ-ஆப் ஷூட்டர் செய்துகொண்டிருக்கிறோம். நம்மூர் வீவக புளோக் ஒன்றில் பதினோராம் மாடியில் நான்கு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லிஃப்ட் ஓடாது. ஜாம்பிகளைச் சமாளித்துக்கொண்டு படிக்கட்டு, நடைபாதை வழியாகக் கீழ்த்தளம் வரை இறங்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

எந்த நேரத்தில் எத்தனை ஜாம்பி வர வேண்டும் என்பதை நாங்கள் வரைபடத்தில் குறித்து வைக்கவில்லை. அதை ஆட்டத்தின்போதே முடிவு செய்ய ஒரு டைரக்டர் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 0 முதல் 1 வரை ஒரு பதற்ற எண். அடி வாங்கினால் ஏறும், பக்கத்தில் ஜாம்பியைச் சுட்டாலும் ஏறும். சும்மா இருந்தால் 30 விநாடியில் 1-லிருந்து 0-க்கு இறங்கிவிடும். நால்வரில் யாருடைய எண் அதிகமோ அதைத்தான் பார்க்கிறேன். அது 0.9-ஐத் தாண்டினால் நான்கு விநாடி அப்படியே விட்டு, பிறகு புதிய ஜாம்பிகளை நிறுத்திவிடுவேன். 0.5-க்குக் கீழே வந்ததும் 30 முதல் 45 விநாடி ஓய்வு. அப்புறம் மறுபடி கூட்டம் சேர ஆரம்பிக்கும்.

இன்று மாலை என் வீட்டில் பிளேடெஸ்ட். எட்டாம் மாடி வரைக்கும் பிரமாதம். அதற்குப் பிறகு ஒரு ஜாம்பி கூட வரவில்லை. முதல் ஒரு நிமிடம் எல்லோருக்கும் பயம். "இந்த அமைதியை நல்லா செஞ்சிருக்கீங்க" என்று ஒருவர் பாராட்டவும் செய்தார், நானும் வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டேன். மூன்றாவது நிமிடம் ஒருவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். நான்காம் மாடி வரை காலாற நடந்தே வந்துவிட்டார்கள். மொத்தம் ஆறு நிமிடம்.

பிழைச் செய்தி எதுவும் இல்லை. கையால் கட்டளை கொடுத்தால் ஜாம்பி ஒழுங்காக வருகிறது. ஜாம்பிகள் தோன்றும் ஸ்பான் இடங்களில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

---

தேக்காத்தம்பி | ஞாயிறு, காலை 9:10

அண்ணே, அந்த மாதிரி அமைதி வந்தால் நடக்கவே கூடாது. நின்று தோட்டா நிரப்பி, மருந்து கட்டி, நாலு பேரும் ஒரு மூலைக்குப் போய்விட வேண்டும். அடுத்து வருவது டேங்க் என்கிற பெரிய ஜாம்பிதான். லெஃப்ட் 4 டெட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! உங்கள் ஆட்கள் காலாற நடந்ததுதான் தப்பு.

---

பதினோராம்மாடி | ஞாயிறு, காலை 9:31

தம்பி, அவர்கள் எப்படி விளையாட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டேங்கும் வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. அதுதான் பிரச்சினை.

---

சுழல்கதவு | ஞாயிறு, காலை 10:05

இது எனக்குத் தெரிந்த விஷயம். டைரக்டர் என்பது ஆட்டக்காரரின் திறமைக்கு ஏற்ப ஆட்டத்தை எளிதாக்குகிற ஒரு முறை. உங்கள் ஆட்கள் மோசமாக ஆடியிருப்பார்கள், அது இரக்கப்பட்டு எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போய்ப் பூஜ்யத்தில் வந்து நின்றிருக்கும். இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, எந்த நிலையிலும் ஜாம்பி எண்ணிக்கை ஒரு குறைந்த அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, எண்ணிக்கையைக் குறைப்பதற்குப் பதில் ஜாம்பியின் அடியைக் குறையுங்கள். பலவீனமான அணிக்கு ஒரு அடி ஐந்து புள்ளி, பலமான அணிக்குப் பத்து. யாருக்கும் தெரியாது.

---

ஓட்டைக்குடை | ஞாயிறு, மதியம் 1:20

சுழல்கதவு சொன்னதில் முதல் யோசனை சரி. அமைதி நேரத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஜாம்பிகள் திரிய வேண்டும், இல்லாவிட்டால் புளோக் செத்துப்போனதுபோல் இருக்கும். இரண்டாவது யோசனை வேறு ஒரு இயந்திரம். இங்கே அதைக் கலக்காதீர்கள்.

இந்த வகை டைரக்டரைப் பிரபலமாக்கியது 2008-இல் வந்த லெஃப்ட் 4 டெட். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான மைக் பூத் 2009-இல் ஒரு மாநாட்டில் அதன் உள்வேலையை விளக்கினார். அதில் அவர் அழுத்திச் சொன்னது: பதற்றத்தைப் பார்த்து மாற்றுவது ஆட்டத்தின் கடினத்தை அல்ல, வேகத்தை. அலையின் உயரம் அதேதான், அலை எத்தனை முறை வருகிறது என்பதுதான் மாறும். கூட்டமாக வரும்போது 20, 30 ஜாம்பிகள் வரத்தான் செய்வார்கள், கெட்டிக்காரருக்கும் புதியவருக்கும் அதே அடி. புதியவருக்கு மூச்சுவிடும் இடைவெளி அடிக்கடி கிடைக்கும், அவ்வளவுதான். அடியைக் குறைத்தால் ஆட்டக்காரர் பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். "போன முறை மூன்று அடியில் விழுந்தேன், இப்போது ஆறு தாங்குகிறேனே" என்பார். அப்புறம் பயம் போய்விடும்.

சரி, உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். அந்த விளக்கத்தில் ஒரு விதி உண்டு, நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் உங்கள் கோடில் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். ஒரு ஜாம்பி ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்வரை அவருடைய பதற்ற எண் இறங்காது. இந்த விதி இருக்கிறதா? அந்த ஆறு நிமிடத்தின் லாகில் டைரக்டரின் நிலை, நான்கு பேரின் எண், இவற்றை மட்டும் போடுங்கள். ஸ்பான் இடங்களை இப்போது தொடாதீர்கள்.

---

பதினோராம்மாடி | ஞாயிறு, மதியம் 3:44

அக்கா, அந்த விதி இருக்கிறது. இதுதான் கோடு:

```
if engagedCount == 0:
    intensity = max(0, intensity - dt / 30)
```

லாகில் அமைதி தொடங்கிய இடமும் முடிந்த இடமும் கீழே. PEAK_FADE என்பது புதிய ஜாம்பிகளை நிறுத்திவிட்டு எண் இறங்கக் காத்திருக்கும் நிலை, eng3 என்பது மூன்றாவது ஆளோடு மல்லுக்கட்டும் ஜாம்பிகளின் எண்ணிக்கை:

```
t=412 PEAK_FADE P1=0.02 P2=0.00 P3=0.94 P4=0.05 eng3=1
t=772 PEAK_FADE P1=0.00 P2=0.00 P3=0.94 P4=0.00 eng3=1
```

நடுவிலும் எல்லா வரியும் இப்படியேதான். மூன்றாவது ஆள் என் தம்பி. அந்த நேரத்தில் அவன் அடி வாங்கவே இல்லை, சத்தியமாக. பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தான்.

---

ஓட்டைக்குடை | ஞாயிறு, மாலை 4:15

லாகே சொல்லிவிட்டதே. 360 விநாடி, 0.94 ஒரு புள்ளிகூட அசையவில்லை. நிஜமாகவே சண்டையில் இருப்பவனுடைய எண் அடியும் சூடுமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அசையாமல் நிற்கிற எண் என்றால், ஏற ஒன்றும் நடக்கவில்லை, இறங்கவும் அனுமதி இல்லை என்று பொருள். பக்கத்திலேயே `eng3=1` இருக்கிறது. எங்கேயோ ஒரே ஒரு ஜாம்பி உங்கள் தம்பியைக் குறிவைத்து உட்கார்ந்திருக்கிறது. தம்பிக்கு அது தெரியாது. டைரக்டருக்கு மட்டும் தெரியும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 0.94-லிருந்து 0.5-க்கு இறங்க வேண்டியது 0.44. விநாடிக்கு முப்பதில் ஒரு பங்கு இறங்கினால் சுமார் 13 விநாடி. அதன்பிறகு ஓய்வு அதிகபட்சம் 45. ஆக ஒரு நிமிடத்துக்குள் ஜாம்பிகள் மறுபடி வர ஆரம்பித்திருக்க வேண்டும். இனிமேல் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே நிலையில் டைரக்டர் நின்றால் லாகில் ஒரு எச்சரிக்கை வரட்டும். அமைதி நன்றாக இருக்கிறது என்று ஆட்டக்காரர் பாராட்டுவதை நம்ப முடியாது. முதல் நிமிடத்தில் பக்கும் நல்ல வடிவமைப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

---

மூன்றாம்மடி | ஞாயிறு, இரவு 8:02

வரைபடம் செய்வது நான்தான். பதினோராம்மாடி என்னைத் திட்டுவதற்குள் நானே வந்து ஒப்புக்கொள்கிறேன். மறுஓட்டத்தில் அந்த ஜாம்பியைத் தேடிப் பிடித்துவிட்டேன். ஒன்பதாம் மாடியில் குப்பைத்தொட்டிக் குழாய்க்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு. ஜாம்பிகள் நடக்கக் குறித்திருந்த தரை அந்த இடத்தில் துண்டாகி, தீவுபோல் தனியாக நிற்கிறது. அதில் ஸ்பான் ஆன ஜாம்பி தம்பியைப் பார்த்துக் குறிவைத்திருக்கிறது, ஆனால் வெளியே வர வழியில்லை. அவர்கள் ஐந்து மாடி கீழே போன பிறகும் அது சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பார்க்கப் பாவமாக இருந்தது.

இடுக்கை அடைத்துவிட்டேன். முடிந்தது.

---

ஓட்டைக்குடை | ஞாயிறு, இரவு 9:30

முடியவில்லை. ஓர் இடுக்கை அடைத்தீர்கள். பதினோரு மாடியில் இன்னும் எத்தனை இருக்கும்? மேசையைத் தள்ளிக் கதவை மறித்தாலே ஒரு ஜாம்பி மாட்டிக்கொள்ளும். வரைபடத்தில் ஒரு பிழை வந்தால் டைரக்டரே நின்றுபோகிறது, அதுதான் சரியில்லை.

குறை எங்கே என்றால், "மல்லுக்கட்டுகிறது" என்பதை நீங்கள் "குறிவைத்திருக்கிறது" என்று எழுதிவிட்டீர்கள். குறி ஜாம்பியின் தலைக்குள் இருப்பது. பதற்றம் ஆட்டக்காரருடைய தலைக்குள் இருப்பது. ஆட்டக்காரர் உணரக்கூடிய ஒன்று நடந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள்: ஜாம்பி அவரை அடித்தது, அடிக்கக் கை ஓங்கியது, அல்லது பத்து மீட்டருக்குள் வழி இருந்து நெருங்கி வருகிறது. இவற்றில் ஏதாவது நடக்கும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் குறித்த நேரத்திலிருந்து ஐந்து விநாடி போனால் இறங்கத் தொடங்கலாம்.

```
if now - lastThreat > 5:
    intensity = max(0, intensity - dt / 30)
```

கூடவே இன்னொன்று. யார் கண்ணிலும் படாமல், பத்து விநாடியாக ஓர் அடிகூட முன்னேறாத ஜாம்பியை எடுத்துவிட்டு, ஆட்டக்காரர் பக்கத்தில் கண்மறைவான இடத்தில் புதிதாக விடுங்கள். எண்ணிக்கை வரம்பை அது வீணாகப் பிடித்துக்கொண்டிருக்காது. ஐந்து, பத்து என்பதெல்லாம் நான் தொடங்குகிற எண்கள். உங்கள் நடைபாதை நீளத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

---

இரவுப்பணியாள் | திங்கள், காலை 7:45

சுவாரசியமான இழை. நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டுத் திட்டமாக இதையேதான் செய்தேன், ஆனால் எண்ணை ஊகிக்காமல் நேராக அளந்தேன். கைக்கடிகாரத்திலிருந்து இதயத் துடிப்பை எடுத்து டைரக்டருக்குக் கொடுத்தேன். துடிப்பு ஏறினால் ஜாம்பி குறையும். அடி, சூடு என்று சுற்றி வளைப்பதற்குப் பதில் நீங்களும் அதையே செய்யலாமே?

செய்துகாட்டிய அன்று என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வாளர் தாமதமாக வந்தார், படியேறி வந்திருந்தார். உட்கார்ந்ததும் துடிப்பு நூற்றுப் பதினெட்டு. அவர் ஆடிய முதல் நான்கு நிமிடமும் என் டைரக்டர் அவரைத் தொந்தரவே செய்யவில்லை. "எப்போது தொடங்கும்?" என்று கேட்டார்.

---

ஓட்டைக்குடை | திங்கள், காலை 8:20

இரவுப்பணியாள், உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள் :)

உடம்பை அளப்பதை லெஃப்ட் 4 டெட்டை வெளியிட்ட வால்வ் நிறுவனமும் முயன்றது. அங்கே இருந்த உளவியலாளர் மைக் ஆம்பிண்டர் 2011-இல் ஜிடிசி என்ற ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசினார். லெஃப்ட் 4 டெட் 2-இல் ஊகித்த எண்ணுக்குப் பதிலாகத் தோலின் மின்கடத்தலை அளந்து டைரக்டருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆடியவர்களுக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் வீட்டில் ஆடுகிற நான்கு பேர் விரலிலும் கருவி மாட்டச் சொல்ல முடியாது. தவிர, உடம்பு தாமதமாகத்தான் பேசும். தோல் ஓரிரு விநாடி கழித்து, துடிப்பும் உடனே அல்ல. ஜாம்பி அடித்தது என்று உங்கள் சர்வருக்கு அந்தக் கணமே தெரியும். ஊகம் கரடுமுரடானதுதான், ஆனால் அது தாமதிக்காது, மாடிப்படி ஏறியதற்காகப் பதறாது.

---

சுழல்கதவு | திங்கள், மதியம் 12:40

கடினத்தை மாற்றாது என்கிறீர்களே அக்கா, ஆனால் ஓய்வு அடிக்கடி கிடைத்தால் ஆட்டம் எளிதாகத்தானே ஆகிறது? அடியைக் குறைத்தாலும் அலையைக் குறைத்தாலும் கடைசியில் பிழைத்துப் போகிறவர்கள் கூடுகிறார்கள். பெயர்தான் வேறு.

---

ஓட்டைக்குடை | திங்கள், மதியம் 1:05

விளைவை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆடுகிறவர் எதைக் கவனிப்பார் என்பதில்தான் வித்தியாசம். இது, "சண்டை எனக்கு மட்டும் எளிதாகிவிட்டது" என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதை ஏமாற்று என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

---

தேக்காத்தம்பி | திங்கள், மாலை 6:18

அப்போ டேங்கும் இந்தப் பதற்ற எண்ணைப் பார்த்துத்தான் வருமா? நாங்கள் நாலு பேரும் சாகக் கிடக்கும்போதுதான் சரியாக வந்து நிற்கும். அது இரக்கப்படுவதாகத் தெரியவில்லையே.

---

ஓட்டைக்குடை | திங்கள், மாலை 7:00

இந்தத் தடவை நல்ல கேள்வி. டேங்க், விட்ச் போன்ற பெரியவை அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. வழியில் எந்தெந்த இடத்தில் எது வரும் என்பது ஓரளவு குலுக்கல் முறையில் தனியாகத் தீர்மானிக்கப்படுகிறது. அது அரிதாக வரும் பெரிய சம்பவம், நீங்கள் களைத்திருக்கிறீர்கள் என்று அதைத் தள்ளிப்போட்டால் ஆட்டத்தில் மேடுபள்ளமே இருக்காது. உங்கள் எரிச்சல் நியாயமானது, அது வேண்டுமென்றே வைத்தது.

---

பதினோராம்மாடி | புதன், இரவு 10:36

எல்லோருக்கும் நன்றி. (எங்கள் பெரிய ஜாம்பியை நான் டைரக்டரோடு கட்டி வைத்திருந்தேன். இப்போது பிரித்துவிட்டேன்.) அக்கா சொன்ன மாற்றத்தைப் போட்டு இன்று மறுபடி ஆடினோம். அமைதி அதிகபட்சம் 58 விநாடி. மூன்றாம்மடி ஒரு ஜாம்பியை வேண்டுமென்றே கூண்டில் அடைத்தும் பார்த்தார், டைரக்டர் நிற்கவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. ஐந்தாம் மாடியில் நாங்கள் ஒரு கடுமையான இடம் வைத்திருக்கிறோம், கதவு திறக்கும்வரை நின்று தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த இடத்துக்கு வருவதற்கு முன் என் தம்பி ஒவ்வொரு முறையும் நடைபாதைச் சுவரேறி கீழ் மாடிச் சன்ஷேடில் குதிக்கிறான். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறான்.

---

காப்ரல்_தூக்கம் | புதன், இரவு 10:58

தம்பி நான்தான். தேசியச் சேவை விடுப்பில் வந்திருக்கிறேன், சோதனை எலியாகப் பயன்படுத்துகிறார்கள், சோறு மட்டும் போடுகிறார்கள்.

அண்ணே, குதித்தால் எழுபது புள்ளி போகும். பதற்றம் 0.9-ஐத் தாண்டிவிடும். ஜாம்பி நின்றுவிடும். மருந்து கட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தால் அரை நிமிடத்துக்கு ஈ காக்கை இல்லை. முதல் ஆட்டத்தில் கால் தவறி விழுந்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்தேன். நண்பனைச் சுட்டாலும் அதே பலன், ஆனால் அவன் திட்டுவான்.

---

ஓட்டைக்குடை | புதன், இரவு 11:15

காப்ரல், நீங்கள்தான் இந்த அணியின் சிறந்த டெஸ்டர். அண்ணனிடம் சோற்றோடு ஒரு கோப்பியும் கேளுங்கள்.

பதினோராம்மாடி, எந்த அடியாக இருந்தாலும் எண்ணை ஏற்றுகிறீர்கள். எதிரி கொடுத்த அடியை மட்டும் ஏற்றுங்கள். தானாக விழுந்தது, தோழன் சுட்டது, தன் குண்டில் தானே வெந்தது, எதுவும் கணக்கில் வரக் கூடாது. ஜாம்பி தள்ளி விழுந்தால் வரலாம். ஆட்டக்காரர் தன் விருப்பப்படி ஏற்றக்கூடிய எந்த எண்ணும் கடைசியில் ஒரு பொத்தானாகிவிடும். அப்புறம் அந்த ஐந்தாம் மாடிக் கதவுபோல் நீங்களே எழுதி வைத்த சண்டைகளில், சண்டை முடியும்வரை ஓய்வு நிலைக்கே போகாதபடி டைரக்டரைப் பூட்டிவிடுங்கள். லெஃப்ட் 4 டெட் 2-இல் வரைபடம் செய்பவர்களுக்கு இதற்கென்றே ஒரு வரி உண்டு:

```
DirectorOptions <-
{
    LockTempo = true
}
```

---

மூன்றாம்மடி | வியாழன், இரவு 8:47

எனக்கு வேறு குறை. நாங்கள் நால்வரில் மூன்று பேர் இந்த ஆட்டத்தை நூறு முறை ஆடியவர்கள். நேற்று நான்காவதாக என் அக்கா ஆடினார், இதுவரை ஷூட்டரே தொட்டதில்லை. அவர் எண் சதா 0.9-க்கு மேல். அதிகபட்சத்தைப் பார்ப்பதால் டைரக்டர் அவருக்காக நிறுத்திக்கொண்டே இருந்தது. மீதி மூன்று பேரும் கொட்டாவி. ஒரு கணத்து லாகைப் பார்த்தேன்: அக்கா 0.95, மற்றவர்கள் 0.20, 0.15, 0.10. சராசரி எடுத்தால் 0.35 தான். சராசரிக்கு மாற்றிவிடலாமா?

---

சுழல்கதவு | வியாழன், இரவு 9:02

மாற்றுங்கள். கூட்டு ஆட்டம் என்றால் அணியின் நிலையைத்தான் பார்க்க வேண்டும். ஒருவருக்காக மூன்று பேர் ஏன் காத்திருக்க வேண்டும்?

---

ஓட்டைக்குடை | வியாழன், இரவு 10:10

சராசரிக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று அதே லாகை வைத்து ஓட்டிப் பாருங்கள். 0.35-க்கு டைரக்டர் "இன்னும் கூட்டு" என்கிறது. கூட்டம் வருகிறது. அக்காவின் எண் 1-க்கு மேல் போக முடியாது, எனவே அவர் எவ்வளவு தவித்தாலும் சராசரி அசையாது. 0.9 வரவேண்டுமானால் மற்ற மூவரும் 0.87 அளவுக்கு ஏற வேண்டும். அதற்குள் அக்கா தரையில். அவரைத் தூக்க ஒருவர் போவார், அவரும் அடி வாங்குவார். கொட்டாவி விட்டவர்களுக்கு வேலை கிடைக்கும்தான், ஆனால் அக்கா அடுத்த வாரம் ஆட வரமாட்டார்.

சராசரியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. சுட்டு வீழ்த்திய ஜாம்பி எவ்வளவு தூரத்தில் விழுந்ததோ அதற்கேற்பத்தான் எண் ஏறுகிறது, பக்கத்தில் விழுந்தால் அதிகம், தூரத்தில் விழுந்தால் மிகக் குறைவு. நீண்ட நடைபாதையின் கடைசியில் நின்று தொலைதூரத் துப்பாக்கியால் சுடுகிறவர் எப்போதும் பூஜ்யத்தில் இருப்பார். அவர் ஒருவர் போதும் சராசரியைக் கீழே இழுக்க.

மூன்றாம்மடி சொல்லும் சலிப்பு உண்மை. நான் அதை வேறு வழியில் சமாளித்தேன். அலையை நிறுத்துவதா என்பதற்கு அதிகபட்சத்தையே வைத்துக்கொண்டேன். ஆனால் ஓய்வு நேரத்தில் திரியும் சில ஜாம்பிகளை, எண் குறைவாக இருப்பவர்கள் போகும் பக்கம் விட்டேன். முன்னால் ஓடுகிற கெட்டிக்காரருக்கு ஒவ்வொரு மூலையிலும் இரண்டு மூன்று கிடைக்கும், பின்னால் வருபவர் மருந்து கட்டிக்கொள்ளலாம்.

---

மூன்றாம்மடி | வியாழன், இரவு 10:31

அது எங்கள் புளோக்கில் நடக்காது அக்கா. படிக்கட்டு ஒன்றரை மீட்டர் அகலம், நாலு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். முன்னால் இருப்பவருக்கு விட்ட ஜாம்பி அடுத்த விநாடி என் அக்கா மேல் பாய்ந்துவிடும். இரண்டாவது அதிகமான எண்ணைப் பார்த்தால் என்ன? இருவர் தவித்தால் மட்டும் நிறுத்தம்.

---

ஓட்டைக்குடை | வியாழன், இரவு 10:50

படிக்கட்டை நான் யோசிக்கவில்லை. திறந்த வரைபடத்தில் செய்த பழக்கம். இரண்டாவது அதிக எண்ணை நான் முயன்றதில்லை. எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான்: இருவர் மட்டும் மிச்சம் இருக்கும்போது இரண்டாவது எண் என்பது குறைந்த எண் ஆகிவிடும். கடைசி நிமிடங்களில், நிஜமாகவே இரக்கம் தேவைப்படும் நேரத்தில், உங்கள் டைரக்டர் மிகக் கொடூரமாக இருக்கும்.

---

இரவுப்பணியாள் | வெள்ளி, காலை 7:30

இருவர் மிச்சமானால் அதிகபட்சத்துக்குத் திரும்பிவிடச் சொல்லலாமே. ஒரு நிபந்தனைதானே.

---

ஓட்டைக்குடை | வெள்ளி, காலை 8:05

செய்யலாம். ஆனால் மூன்றாவது ஆள் செத்த அந்தக் கணத்தில் விதி மாறி, சட்டென்று ஜாம்பி நின்றுபோகும். ஒருவர் செத்தால் அமைதி வரும் என்று காப்ரல் கண்டுபிடிக்க எத்தனை ஆட்டம் ஆகும்?

---

காப்ரல்_தூக்கம் | வெள்ளி, காலை 8:09

ஒன்று.

---

பதினோராம்மாடி | வெள்ளி, இரவு 11:20

நாளை மாலை மூன்று விதமாகவும் ஓட்டப்போகிறோம்: அதிகபட்சம், இரண்டாவது அதிகம், சராசரி. யாருக்கும் எது எது என்று சொல்லப்போவதில்லை. ஒவ்வொருவரும் எத்தனை விநாடி 0.9-க்கு மேல் இருந்தார், எத்தனை விநாடி 0.1-க்குக் கீழே இருந்தார் என்று தனித்தனியாக லாகில் எழுதுகிறேன். மூன்றாம்மடியின் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார், பிரியாணி இருந்தால் மட்டும். தம்பி ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டும், எனவே அவனுக்கு முதலில் தொலைதூரத் துப்பாக்கியைக் கொடுத்து நடைபாதைக் கடைசியில் நிறுத்துகிறேன். சுவரேறினால் சோறு கிடையாது.

லாக் கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன்.